காஜு கத்லியின் மேல் மின்னுவது எது?

தீபாவளி வாரத்தில் இனிப்புக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் தட்டுக்குத் தட்டு வெள்ளி மின்னும். காஜு கத்லி, பாதாம் பர்பி, சில இடங்களில் பீடாவின் மேலும் அதே மினுமினுப்பு. வடக்கே இதற்கு வர்க் என்று பெயர். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்கத் தகட்டை ரேக்கு என்று சொல்லிப் பழகிய தமிழுக்கு இது வெள்ளி ரேக்கு. கடைப் பையன்களைக் கேட்டால் ‘சில்வர் பேப்பர்’ என்பார்கள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினிய ஃபாயிலுக்கும் பல வீடுகளில் அதுதான் பெயர்.

இரண்டில் எது இனிப்பின் மேல் இருக்கிறது என்பதை வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் எடுத்த படத்தையும் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதுதான் இந்த அத்தியாயம். பெரிய சந்தேகங்களைக் கிளப்பவோ தீர்க்கவோ இந்த இரண்டும் போதும். எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லக்னோவில் உள்ள நச்சியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்து எடுத்த ‘வெள்ளி’த் தாள்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அலுமினியமாக இருந்தது. பத்தில் ஒன்பது அலுமினியம் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கண்ணில் பட்ட மினுக்கையெல்லாம் போலி என்று சொல்லிவிட்டால் நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரர் வீணாகப் பழி சுமப்பார்.

நிறத்தை விடுங்கள், கனத்தைப் பாருங்கள்

படத்தை எடுத்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. ‘வெள்ளி கொஞ்சம் மஞ்சள் கலந்த வெண்மை, அலுமினியம் நீலம் கலந்த வெண்மை’ என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெள்ளி ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஊதா, நீலப் பக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. அதனால் அதன் வெண்மையில் ஒரு இதம் இருக்கும். ஆனால் இந்த வேறுபாடு மிகச் சிறியது. கைப்பேசிக் கேமரா ஒவ்வொரு படத்திலும் வெண்மையைத் தானாகவே சரிசெய்கிறது. அந்தத் திருத்தத்தில் வேறுபாடு கரைந்துபோகும். அதோடு மின்னும் பரப்பு எதுவானாலும் சுற்றியிருப்பதைத்தான் காட்டும். மஞ்சள் பல்பின் கீழே அலுமினியமும் இதமாகத் தெரியும். ஜன்னல் வழியே வானம் தெரிந்தால் வெள்ளியும் நீலம் பூசிக்கொள்ளும். ஆகவே நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படம் நம்பகமாகக் காட்டுவது கனத்தை. இங்கேதான் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வெள்ளி ரேக்குக்கு வகுத்த தரநிலைப்படி, வெள்ளி ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு சதுர மீட்டர் ரேக்கின் எடை 2.8 கிராம் வரைதான் போகலாம். வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டு கணக்குப் போட்டால் இந்த எடைக்கு வரும் கனம் ஏறக்குறைய 0.27 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். சமையலறை ஃபாயில் பொதுவாக 11 மைக்ரான் அளவில் விற்கிறது. அதாவது ஃபாயில், ரேக்கைவிட நாற்பது மடங்கு தடிப்பு.

நாற்பது மடங்கு என்பது வெறும் எண் இல்லை. 0.27 மைக்ரான் கனமுள்ள உலோகத்துக்குச் சொந்தமாக ஒரு விறைப்பே கிடையாது. மூச்சுப் பட்டால் பறக்கும், விரல் பட்டால் விரலோடு போய்விடும். அதனால்தான் ஹைதராபாத்தின் சார்மினார் பக்கமும், ஜெய்ப்பூரின் பன்னிகர் மொஹல்லாவிலும் வெள்ளியைத் தோல் ஏடுகளுக்கு நடுவே வைத்து மணிக்கணக்கில் சுத்தியலால் அடித்தெடுத்தவர்கள், அதைத் தாளோடு தாளாகவே அடுக்கி விற்றார்கள். இப்போது இயந்திரத்தில் செய்வதும் தாள்களுக்கு இடையில்தான் வருகிறது. இனிப்பு மாஸ்டர் அந்தத் தாளைக் கவிழ்த்து, பரப்பிய கத்லிப் பலகையின் மேல் மெல்ல அழுத்தித் தாளை மட்டும் உரிப்பார். நெய்யின் ஈரத்தில் ரேக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகுதான் கத்தியால் சாய்சதுரமாக வெட்டுவார்கள்.

இப்படி ஒட்டிய வெள்ளி, இனிப்பின் மேல் வைத்த ஒரு தாளாக இருக்காது. அதன் தோலாகவே ஆகிவிடும். முந்திரி மாவின் ஒவ்வொரு குருணையும் அதன் வழியே தெரியும். பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், வெடிப்பு இருந்தால் அதோடு சேர்ந்து வெடிக்கும். ஒரு ரேக்கின் விளிம்பும் அடுத்ததன் விளிம்பும் சேரும் இடத்தில் மங்கலான கோடு ஓடும். சில இடங்களில் கந்தல்போல் பஞ்சுநுனி விளிம்பாகக் கிழிந்து அடியில் இருக்கும் இனிப்பு எட்டிப் பார்க்கும். ஃபாயில் அப்படி இறங்காது. அதற்கு விறைப்பு உண்டு. மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டதுபோல நிற்கும். மடிந்த இடம் கூர்மையான பளிச்சென்ற கோடாகவே இருக்கும். ஓரத்தில் நகத்தளவு தூக்கி, அதன் கீழே ஒரு நிழல் விழும். கத்தி வெட்டிய இடத்தில் சிறு நாக்குப்போல உலோகம் தொங்கும்.

படம் எடுக்கும் விதம்

பளபளப்பான பொருளைக் கைப்பேசியில் எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு ஃப்ளாஷ். நேரே அடித்த வெளிச்சம் நேரே திரும்பி வந்து, இரண்டு உலோகத்தையும் ஒரே வெள்ளைத் திட்டாக்கிவிடும். ஃப்ளாஷை அணைத்து, பகல் நேரத்தில் ஜன்னலோரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இனிப்பை வைக்க வேண்டும். மேசைக்குக் கிட்டத்தட்டச் சமமாக, மிகத் தாழ்ந்த கோணத்தில் ஒளி வந்தால்தான் மேடு பள்ளங்களுக்கு நிழல் விழும். அந்த நிழல்தான் சாட்சி. பகல் இல்லையென்றால் அறை விளக்கை அணைத்து, இன்னொரு கைப்பேசியின் டார்ச்சை மேசை மட்டத்தில் வைத்துப் பக்கத்திலிருந்து அடிக்கலாம்.

கேமராவை இனிப்போடு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, அது தெளிவாகக் குவியாது. ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். திரையில் இனிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வெளுத்துப்போன இடத்தில் மட்டும் ஒன்றும் படிக்க முடியாது. அழகுபடுத்தும் வடிகட்டிகள் எதுவும் கூடாது. அவை சுருக்கத்தை மழுப்பும். நாம் தேடுவதே சுருக்கத்தைத்தான்.

சட்டத்துக்குள் இரண்டு பொருள்களைத் துணைக்கு வைப்பது நல்ல பழக்கம். ஒன்று, அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம். இன்னொன்று, வீட்டுச் சமையலறை ஃபாயிலில் கிழித்த ஒரு துண்டு. அதே ஒளியில், அதே படத்தில் நிச்சயமான அலுமினியம் ஒன்று பக்கத்தில் இருந்தால், மடிப்பையும் விளிம்பையும் ஒப்பிடக் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். நேர் மேலிருந்து ஒன்று, தாழ்ந்த கோணத்தில் ஒன்று, கத்தியால் குறுக்கே வெட்டிய பின் வெட்டு முகத்தை ஒன்று என மூன்று படங்கள் போதும். பெட்டியின் மூடியையும் உட்புறமாகத் திருப்பி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய வெள்ளி பக்கத்துத் துண்டிலும் மூடியிலும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஃபாயில் அப்படிப் பூசிக்கொண்டு போவதில்லை.

இந்தப் படங்களை இன்னொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதானால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாகப் போகும்போது அது சுருக்கப்படும், நுண்ணிய விளிம்புகள்தான் முதலில் காணாமல் போகும்.

லேபிள் பேசுவது

பெட்டியில் அடைத்து விற்கும் இனிப்பில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அது எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும் வரிசை. காஜு கத்லியின் ஒரு துண்டு 12 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், அதன் மேல் இருக்கும் வெள்ளி அதிகபட்சம் 3.4 மில்லிகிராம். கால் கிலோவில் இருபது துண்டு இருந்தாலும் எழுபது மில்லிகிராமைத் தொடாது. எனவே வெள்ளி பட்டியலின் வாலில்தான் இருக்க வேண்டும். ‘சில்வர் லீஃப்’, ‘எடிபிள் சில்வர் ஃபாயில்’, ‘வர்க்’ என்றோ, 174 என்ற சேர்க்கைப் பொருள் எண்ணிலோ வரும். 174 வெள்ளியின் எண், 173 அலுமினியத்தின் எண். ஒரே இலக்கம்தான் வேறு, கண்ணாடி போட்டுப் பார்ப்பது நல்லது.

மேலே மினுங்குகிறது, பட்டியலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால், அது எந்த உலோகமானாலும் லேபிள் குறையுடையது. ‘சில்வர் கலர்’, ‘டெக்கரேட்டிவ் ஃபாயில்’ என்ற சொற்கள் வந்தால் கவனம் தேவை. வெள்ளி நிறம் என்பது வெள்ளி இல்லை. ‘இமிடேஷன் சில்வர் லீஃப்’ என்பது கைவினைக் கடைகளில் படச்சட்டத்துக்கும் பொம்மைக்கும் ஒட்ட விற்கும் அலுமினிய இலை. அதை உணவின் மேல் ஒட்ட வேலையே இல்லை.

உரிம எண்ணைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பதினான்கு இலக்க எண் இருந்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. நான்காவதும் ஐந்தாவதும் அது வழங்கப்பட்ட ஆண்டு. `foscos.fssai.gov.in` தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் யாருடையது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரியும். பெட்டியில் உள்ள பெயரும் தளத்தில் வரும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அதுவே பெரிய எச்சரிக்கை. ஆனால் அந்த எண் இனிப்பு செய்தவருடையது. அவர் எங்கிருந்தோ வாங்கி ஒட்டிய ரேக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பச்சைப் புள்ளியும் அப்படியே. ரேக்கு தோல் ஏட்டில் அடித்ததா, தாளில் செய்ததா என்பதற்குப் படத்திலும் விடை கிடையாது.

உண்மையில் படிக்க வேண்டிய லேபிள் இனிப்புப் பெட்டியில் இல்லை, கடையின் பின்கட்டில் இருக்கும் ரேக்குப் பாக்கெட்டில் இருக்கிறது. உதிரியாக எடை போட்டு வாங்கும் இனிப்புக்கு வேறு லேபிளும் கிடையாது. அந்தப் பாக்கெட்டில் செய்தவர் பெயர், தொகுதி எண், தாள்களின் எண்ணிக்கை, நிகர எடை, வெள்ளியின் தூய்மை ஆகியவை இருக்க வேண்டும். இவை இருந்தால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தாள் ஒன்று பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால், தரநிலையின் உச்சத்தில் அது 28 மில்லிகிராம். நூறு தாளுக்கு 2.8 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் பாக்கெட்டில் உள்ள உலோகத்தின் மதிப்பு வந்துவிடும். விற்பனை விலை அதைவிடக் குறைவாக இருந்தால், யாரும் வெள்ளியை நட்டத்துக்கு விற்க மாட்டார்கள். அதே அளவுள்ள நூறு தாளைச் சமையலறை ஃபாயிலில் வெட்டினால் எடை முப்பது கிராம் வரும். ‘நிகர எடை 30 கிராம்’ என்று பெருமையாக அச்சிட்ட பாக்கெட் தன்னையே காட்டிக்கொடுக்கிறது.

மூன்று பெட்டிகள்

எடுத்துக்காட்டுக்கு, கோவையில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு மூன்று இடத்திலிருந்து காஜு கத்லி வந்திருக்கிறது. வீட்டுப் பெரியம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் பழைய உலோக அடைப்பு. மூன்றாவது பெட்டியிலிருந்து ஒன்றைக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“பல்லுல சுரீர்னு ஏதோ ஷாக் அடிச்ச மாதிரி இருந்துச்சு கண்ணு” என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே துப்பு இருக்கிறது. பல் அடைப்பில் உள்ள உலோகக் கலவையும் அலுமினியமும் எச்சிலின் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரண்டுக்கும் இடையே சிறு மின்னோட்டம் உண்டாகும். ஃபாயிலைக் கடித்தவர்களுக்குப் பழக்கமான கூச்சம் இது. கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் கைப்பேசியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

முதல் பெட்டி கடையின் பெயர் அச்சிட்ட அடைப்பு. சேர்மானப் பட்டியலின் கடைசியில் ‘சில்வர் லீஃப்’ இருந்தது. தாழ்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் மாவின் குருணை ஒவ்வொன்றும் மணல்போலத் தெரிந்தது. ஒரு துண்டில் பாதிக்கு மேல் ரேக்கே இல்லை, விளிம்பு கந்தலாக நின்றது. மூடியின் உள்பக்கம் திட்டுத்திட்டாக வெள்ளி ஒட்டியிருந்தது. வெட்டு முகத்தில் உலோகம் என்று தனியாக ஒரு கோடுகூட இல்லை. படமும் லேபிளும் ஒரே பக்கம் பேசின.

இரண்டாவது பெட்டியில் அவள் தடுமாறினாள். மேற்பரப்பு அழுக்கில்லாமல், கிழிசல் இல்லாமல், ஒரே சீராக மின்னியது. ‘இவ்வளவு நறுவிசா இருந்தா போலிதான்’ என்று சொல்லத் தோன்றும். அது தவறு. இயந்திரத்தில் செய்த வெள்ளி ரேக்கு கையால் அடித்ததைவிடச் சீராகவே இருக்கும். சீர்மை குற்றமில்லை. அவள் பெரிதாக்கிப் பார்த்தபோது சீராக இருந்தாலும் உலோகம் ஒவ்வொரு குழியிலும் இறங்கியிருந்தது, ஓரம் எங்கும் தூக்கவில்லை, மடிப்புக் கோடு ஒன்றுமில்லை. சமையலறை ஃபாயில் இல்லை என்று இங்கே உறுதியாகச் சொல்லலாம். வெள்ளிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கைவினை அலுமினிய இலையும் ஃபாயிலைவிடப் பல மடங்கு மெலிது, இனிப்போடு ஓரளவு படியும். ஈயமும் நிக்கலும் கலந்த தரம் குறைந்த வெள்ளியும் படத்தில் சுத்த வெள்ளிபோலவே நிற்கும். ஃபாயிலைக் குற்றவாளி என்று காட்ட ஒரு நல்ல படம் போதும், ஒரு ரேக்கை நிரபராதி என்று விடுவிக்க எந்தப் படமும் போதாது.

ஆகவே இரண்டாவதில் விரலைக் கொண்டுவந்தாள். உலர்ந்த விரல்நுனியால் ஓரத்தில் மெல்லத் தேய்த்தபோது மினுக்கு சாம்பல் நிறப் பொடியாகி விரல் ரேகைக்குள் போய்விட்டது. திரும்ப உருட்டினாலும் ஒன்றும் திரளவில்லை. தர நிர்ணய ஆணையமே வீட்டுச் சோதனையாகச் சொல்வது இதுதான்: சுத்த வெள்ளி ரேக்கு விரல்களுக்கு இடையே பொடியாக நொறுங்கும், அலுமினியம் சிறு சிறு துணுக்குகளாகக் கிழியும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் வெள்ளி காணாமல் போகும், அலுமினியம் உருண்டையாகும். ஈர விரலில் இதைச் செய்தால் சர்க்கரைப் பிசுக்கு திரண்டு உருண்டைபோல ஏமாற்றும். கை உலர்ந்திருப்பது முக்கியம்.

மூன்றாவது பெட்டி லேபிளே இல்லாத வெள்ளை அட்டைப் பெட்டி. படத்தைத் திறந்ததுமே தங்கை மகள் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, ஓரத்துல தூக்கிட்டு நிக்குது, அடியில நிழல் விழுது பாருங்க. நம்ம ஃபாயில் துண்டுல இருக்கிற மடிப்பு மாதிரியே இதுலயும் இருக்கு.”

மூன்று துண்டுகளில் ஒரே மாதிரி. வெட்டு முகத்தில் உலோகம் கத்தியோடு இழுபட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது முழுத் துண்டாக உரிந்து வந்தது. உள்ளங்கையில் அது கடுகளவு கெட்டி உருண்டை ஆனது. படம், பல், விரல் மூன்றும் ஒரே பதிலைச் சொன்னபிறகு அந்தப் பெட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்தார்கள்.

அந்த எச்சரிக்கை மிகையில்லை. 12 சதுர சென்டிமீட்டர் ஃபாயிலில் ஏறக்குறைய 36 மில்லிகிராம் அலுமினியம் இருக்கும். உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2011-ல் வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது வாரத்துக்கு 30 மில்லிகிராம். ஒரே துண்டு அந்தக் கணக்கைத் தாண்டுகிறது. விழுங்கிய ஃபாயில் முழுதும் வயிற்றில் கரைந்துவிடாது, பெரும்பகுதி அப்படியே வெளியேறும் என்பதால் ஒரு துண்டு தின்ற குழந்தைக்காகப் பதற வேண்டியதில்லை. பண்டிகை முழுக்கப் பெட்டி பெட்டியாக உள்ளே போவதுதான் கவலை.

கடையில்

மறுநாள் மூன்றாவது பெட்டி வாங்கிய கடைக்குப் போனார்கள். தங்கை மகள் குரலை உயர்த்தவில்லை.

“அண்ணே, கத்லி மேல ஒட்டுறீங்களே, அந்தப் பேப்பர் பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க.”

“அது சில்வர்தாம்மா, வெளியூர்லருந்து வருது. எல்லாரும் அதான் போடுறாங்க.”

பாக்கெட்டில் ஊர் பெயர் இருந்தது, செய்தவர் பெயர் இல்லை. தூய்மையும் நிகர எடையும் இல்லை. நூறு தாள் என்று மட்டும் போட்டிருந்தது. விலை அறுபது ரூபாய். வெள்ளி ஒரு கிராம் வெறும் நூறு ரூபாய் என்று மிகக் குறைத்தே வைத்து, ரேக்கும் தரநிலை உச்சத்தில் பாதிக் கனம்தான் என்று விட்டுக்கொடுத்தாலும், நூறு தாளில் உள்ள உலோகத்துக்கு மட்டும் 140 ரூபாய் ஆகும். அறுபது ரூபாய்க்கு அது வெள்ளியாக இருக்க வழியில்லை. பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் அவள் படமெடுத்துக்கொண்டாள். கடைக்காரரே ஏமாந்திருக்கவும் கூடும். மொத்த வியாபாரியிடம் ‘சில்வர் பேப்பர்’ என்று கேட்டு வாங்கியவருக்கு அவர் கொடுத்தது அதுவாக இருக்கலாம். அதனால்தான் பாக்கெட்டின் படம் இனிப்பின் படத்தைவிட அதிகப் பயனுள்ளது. தவறு எங்கே தொடங்கியது என்பதை அதிகாரிகள் பின்தொடர அது வழி காட்டும்.

வீட்டில் செய்தது எல்லாம் சந்தேகத்துக்கு ஆதாரம், சட்டத்துக்கு ஆதாரம் இல்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்க இடம் தருகிறது. ஒரு நிபந்தனை உண்டு. சோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். முன்பு வாங்கி, பாதி தின்ற பெட்டி இதற்கு ஆகாது. முடிவு விதிமீறல் என்று வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

தங்கை மகள் அதையே செய்தாள். புதிதாக அரைக் கிலோ வாங்கி, “அண்ணே, இதை டெஸ்ட்டுக்கு அனுப்பப்போறோம், சொல்லிட்டுத்தான் வாங்குறோம்” என்று தெரிவித்து, ரசீதில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். துண்டுகளின் மேற்பரப்பு ஒன்றோடொன்று உரசாதபடி ஒரே அடுக்காக, மின்னும் பக்கம் மேலே இருக்கத் தட்டையான டப்பாவில் பரப்பி, வெண்ணெய்த் தாளைக்கூட மேலே வைக்காமல் மூடினாள். வெயில் படாமல் அது பகுப்பாய்வகத்துக்குப் போனது. கூடவே ஒரு உறையில் ஆறு படங்கள்: கத்லி மேலிருந்து, தாழ்ந்த கோணத்தில், வெட்டு முகம், மூடியின் உள்புறம், பாக்கெட்டின் இரண்டு பக்கம்.